ராத்திரி வேண்டாம்டி, நானே கூப்பிடுறேன்

நட்பில் சொல்லப்படும் பொய்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், "போன் சார்ஜ்ல கிடந்துச்சு, பாக்கவே இல்லடி" என்பது முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும். "சைலன்ட்ல போட்டிருந்தேன்", "அசந்து தூங்கிட்டேன்", "டவர் கிடைக்கல" என்பவை அடுத்தடுத்து நிற்கும். சொல்பவருக்கும் அது பொய்யென்று தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இரவு பதினொன்றரைக்கு மேல் வந்த நண்பரின் அழைப்பை எடுக்காமல் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்போதுதான் இந்தப் பொய்களுக்குக் கிராக்கி அதிகம்.

கடன் அட்டை விற்பவரின் அழைப்பை வெட்ட யாரும் யோசிப்பதில்லை. இங்கே அழைப்பவர் வேண்டியவர். கணவரையோ மனைவியையோ இழந்தவர், விவாகரத்தானவர், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டில் ஒற்றை விளக்கோடு உட்கார்ந்திருப்பவர். அவரிடம் போய் "ராத்திரியில் கூப்பிடாதே" என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் தூக்கம் போகிறது. சொன்னால் மனிதரே போய்விடுவாரோ என்று பயம். அதனால் பலரும் மாதக்கணக்கில் சகித்துக்கொள்கிறார்கள். ஒருநாள் பொறுமை வெடித்து, ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போகிறது.

பல வீடுகளில் நடப்பவற்றைச் சேர்த்து ஓர் உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். தாம்பரத்தில் ஐம்பத்து நான்கு வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர். காலை 4.45க்கு எழுந்து சமையலை முடித்து, ஏழு மணிவாக்கில் செங்கல்பட்டுப் பக்கம் போகும் மின்சார ரயிலைப் பிடிப்பவர். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த தோழி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். தோழியின் கணவர் இறந்து பத்து மாதமாகிறது. ஒரே மகள் கனடாவில், டொராண்டோவில். வாரத்தில் நான்கு நாளாவது இரவு 11.40 சுமாருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வரும். முடிய ஒரு மணி நேரமாகும்.

அந்த ஒரு மணி நேரத்தில் புதிதாக எதுவும் பேசப்படுவதில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னொரு தாள் கேட்கிறார்கள், மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை அணைப்பதில்லை என்று தொடங்கும். எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அவரு பிழைச்சிருப்பாருல்ல?" ஆசிரியை இதற்குப் பத்து மாதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதில் மறுநாள் இரவுவரைகூடத் தாங்குவதில்லை.

ஏன் 11.40? தோழியின் ஒரு நாளைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். காலை ஏழரைக்கு மகள் பேசுகிறாள்; கோடைக்காலக் கணக்கில் டொராண்டோவில் அப்போது முந்தைய இரவு பத்து மணி. பிறகு வேலைக்கார அம்மா வருகிறார். பதினோரு மணிக்குக் கோயில். மதியம் சின்னத் தூக்கம், மாலையில் பூக்காரம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தைகள், ஏழு மணியிலிருந்து சீரியல். பத்தரைக்கு டிவி அணைகிறது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் கணவர் வாசல் கதவைப் பூட்டுவார், கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார், மாத்திரை போட்டாயா என்று கேட்பார். இப்போது பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் ஒரு குரலும் இல்லை. உடன்பிறந்தவர்கள் தூங்கியிருப்பார்கள். மகளைக் கூப்பிடலாமென்றால் அங்கே பிற்பகல் இரண்டு மணி, அலுவலக நேரம். ஒவ்வொரு பெயராகக் கழித்துக்கொண்டே வந்தால், இதுவரை ஒருமுறைகூட மறுக்காத ஒரே ஆள் தாம்பரத்தில் இருக்கிறார்.

அந்த நேரத்துக்கென்றே ஒரு குணமும் உண்டு. தூக்க ஆய்வாளர்கள் சிலர் 2022இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், நள்ளிரவுக்குப் பிறகு விழித்திருக்கும் மனம் பகல் மனத்தைப் போல வேலை செய்வதில்லை என்ற கருத்தை முன்வைத்தார்கள். நல்லதைக் காணும் திறன் அந்நேரத்தில் இறங்கிவிடுகிறது, கெட்டது பெரிதாகத் தெரிகிறது, யோசித்து முடிவெடுக்கும் பிடியும் தளர்கிறது. இது நிரூபணத்தை எதிர்நோக்கும் கருதுகோள்தான். ஆனாலும் அனுபவம் அதற்கு முரணாக இல்லை. மதியம் மூன்று மணிக்கு "விதி" என்று ஏற்றுக்கொண்ட மரணம், இரவு பன்னிரண்டுக்கு "என் தப்பு" ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் அதைப் பேசி முடிவுக்குக் கொண்டுவர முடியாது. தோழியிடம் எந்தக் குறையும் இல்லை, நேரம் அப்படிப்பட்டது.

தனிமைக்கும் தூக்கத்துக்கும் நேரடி உறவே இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தினர் கூட்டாக வாழ்கிறார்கள். நிலம், சமையல், சாப்பாடு எல்லாம் பொது. தனியாக இருக்கவே வழியில்லாத அந்த ஊர்களில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு, தாங்கள் தனியாக இருப்பதாக உணர்ந்தவர்களின் தூக்கம் மற்றவர்களின் தூக்கத்தைவிட அதிகம் துண்டு துண்டாக இருந்ததைக் கண்டது. சுற்றி ஆள் இருப்பதும் தனிமை இல்லாமல் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடைப்பது அரிது. ஸ்ரீரங்கத்துத் தோழிக்குப் பகலெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் அவர் தனியாக இல்லை என்று உறவினர்கள் நினைக்கிறார்கள்.

இனித் தாம்பரத்துப் பக்கம். ஆசிரியை 10.15க்குப் படுக்கிறார். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் வருகிறது. 11.40க்கு மணி அடிக்கும்போது அவர் அதன் நடுவிலோ அதன் விளிம்பிலோ இருப்பார். அந்த நிலையிலிருந்து எழுப்பப்பட்டவருக்கு மூளை தெளியவே கால் மணி, அரை மணி ஆகும். அதுவரை அவர் போடும் "ம்" எல்லாம் அர்த்தமில்லாத "ம்". 12.45க்குப் பேச்சு முடிந்து, புரண்டு புரண்டு 1.15க்குக் கண்ணயர்ந்தால் 4.45க்கு அலாரம். கூட்டினால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வயது வந்தவருக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை.

இது ஆசிரியையின் உடம்போடு நிற்கும் நஷ்டமாக இருந்தால், நட்புக்காகத் தாங்கிக்கொள்ளலாம் என்று வாதிடலாம். அப்படி நிற்பதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஏட்டி பென் சைமன், மேத்யூ வாக்கர் என்ற இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கம் இழந்தவர்கள் மற்றவர்கள் தங்கள் அருகில் வருவதை விரும்பாமல் விலகி நின்றார்கள். அதைவிட வியப்பான விஷயம் ஒன்றும் தெரியவந்தது. அப்படித் தூங்காதவர்கள் பேசும் காணொளியைச் சிறிது நேரம் பார்த்த வெளியாட்களுக்குக்கூடத் தாங்கள் தனிமையாக இருப்பதாக ஓர் உணர்வு கூடியது. அந்த முடிவைத் தாம்பரம்-ஸ்ரீரங்கம் இணைப்புக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் அரைத் தூக்கத்தில் கேட்கிறவரிடம் அழுதுவிட்டுப் படுப்பவருக்கு ஆறுதல் குறைவாகவே கிடைக்கும் என்று ஊகிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. "ம்" எந்த இடத்தில் வருகிறது என்பதிலிருந்தே தோழிக்குத் தெரிந்துவிடும்.

ஆசிரியை சும்மா இருக்கவில்லை. எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தார்: ஜாடை காட்டினார். "நாளைக்கு இன்ஸ்பெக்ஷன்டி, சீக்கிரம் போகணும்" என்றார். சத்தமாகக் கொட்டாவி விட்டார். சில இரவுகள் போனை எடுக்கவே இல்லை. ஜாடை எதுவும் எடுபடவில்லை. எடுக்காமல் விட்ட இரவுகள் நிலைமையை இன்னும் மோசமாக்கின.

ஏனென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் கசியோப்போவின் வேலையிலிருந்து புரிந்துகொள்ளலாம். நீண்டநாள் தனிமையில் இருப்பவரின் மனம் புறக்கணிப்பின் அறிகுறிகளைத் தேடித் தேடிப் பார்க்கும் காவல்காரனாகிவிடுகிறது என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. மற்றவருக்கு வெறும் எடுக்காத போன். அவருக்கு அது தீர்ப்பு. "அவளுக்கும் நான் பாரமாயிட்டேன்" என்று இரவு முழுக்க அந்தத் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருப்பார். தெளிவாகச் சொல்லப்பட்ட "பத்து மணிக்கு மேல் வேண்டாம்" என்பதைவிட, காரணம் தெரியாத மௌனம் இத்தகையவரை அதிகம் காயப்படுத்துகிறது. மென்மையாக நடந்துகொள்வதாக நினைத்துச் செய்யும் காரியம்தான் இங்கே முரட்டுத்தனம்.

மூன்று நாள் எடுக்காமல் விட்டுவிட்டு நாலாவது நாள் மனசு கேட்காமல் எடுத்து ஒன்றரை மணி நேரம் பேசுவதில் இன்னொரு கேடு இருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், ஆனால் எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை மிக உறுதியாகப் பிடித்து வைக்கும் என்பது நடத்தை உளவியலின் பழைய பாடம். எடுப்பாளோ மாட்டாளோ என்று தெரியாத போனைத் தோழி இன்னும் இரண்டு தடவை அடித்துப் பார்ப்பார். அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

ஆக, சொல்லியாக வேண்டும். எப்போது? நிச்சயமாக 11.40க்கு அல்ல. அந்த நேரத்தில் ஒருவர் அரைத் தூக்கத்தில் எரிச்சலோடு இருக்கிறார், இன்னொருவர் நாளின் மிகப் பலவீனமான மணியில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதும் சரிவராது. எழுத்தில் குரல் இல்லை. அதே வாக்கியத்தை அவர் நள்ளிரவில் திரும்பத் திரும்பப் படிப்பார். ஆசிரியையின் கணவர் போனை வாங்கி "அவளுக்குக் காலையில ஸ்கூல் இருக்கும்மா" என்று சொல்வது எல்லாவற்றையும்விட மோசம். இரண்டு பேருக்குள் இருந்த விஷயம் ஒரு வீட்டுக்கு எதிராக ஒரு விதவை என்று ஆகிவிடும். நேரில் பார்க்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் விடுமுறை நாளின் காலை பத்து, பத்தரை மணி. சாப்பாடு முடிந்து அவசரமில்லாமல் உட்காரும் நேரம். அழைப்பு ஆசிரியையிடமிருந்து போக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் கூப்பிட்டார். ஓய்வூதியத் தாள் என்னவாயிற்று என்று கேட்டுவிட்டுத் தொடங்கினார்.

"ஒண்ணு சொல்லணும்டி, கோவிச்சுக்காம கேளு. பதினொண்ணரைக்கு மேல போன் பேசினா எனக்கு அப்புறம் தூக்கமே வரமாட்டேங்குது. நாலே முக்காலுக்கு எழுந்திரிக்கணும். போன வாரம் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல வேண்டாம்டி."

எதிர்முனையில் சற்று அமைதி. பிறகு, "சரிடி. இனிமே கூப்பிடல. உனக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல."

வலிக்கும் பதில்தான். பெரும்பாலான முயற்சிகள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன. பதறிப்போய் "ஐயோ, அப்படிச் சொல்லலடி, நீ எப்ப வேணா கூப்பிடு" என்று சொல்லிவிட்டால், சொன்னது அத்தனையும் அழிந்து, வடு மட்டும் மிஞ்சும். ஆசிரியை பின்வாங்கவில்லை. "கூப்பிடாதேன்னு சொல்லல. நானே கூப்பிடுறேன்னு சொல்றேன். சாயங்காலம் ஆறரைக்கு ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு நடந்து வருவேன், இருபது நிமிஷம். அந்த நேரம் உனக்குத்தான்" என்றார்.

தோழி சொன்ன அடுத்த வாக்கியம்தான் இந்தப் பேச்சிலேயே முக்கியமானது. "ஆறரைக்கு எனக்கு ஒண்ணுமில்லடி. கோயிலுக்குப் போவேன், பசங்க வருவாங்க. ராத்திரி டிவியை அணைச்சதுக்கு அப்புறந்தான்..."

உதவி செய்ய நினைப்பவர்கள் பொதுவாகத் தங்களுக்கு வசதியான நேரத்தை நீட்டுகிறார்கள். அது மரியாதையான சலுகையாக இருக்கும்; ஓட்டையை அடைக்காது. தோழியின் பிரச்சினை மொத்த நாளில் இல்லை, பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் இருக்கிறது. ஆறரை மணிப் பேச்சு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் டிவி அணைந்த பிறகு கை போனைத் தேடும். ஆசிரியை இதைக் கேட்டு யோசித்தார். கேட்காமல் இருந்திருந்தால் திட்டம் ஒரு வாரத்தில் படுத்திருக்கும்.

பேசிப் பேசி வேறொரு ஏற்பாடு உருவாயிற்று. திங்கள், புதன், வெள்ளி இரவு 9.30க்கு ஆசிரியை கூப்பிடுவார். பத்து நிமிடம். கதவு பூட்டியாயிற்றா, மாத்திரை போட்டாயா, நாளைக்கு என்ன சமையல், அவ்வளவுதான். கணவர் கேட்டுவந்த கேள்விகள் ஏறக்குறைய அவைதான் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. மனம்விட்டுப் பேச வேண்டியதெல்லாம் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, நேரக் கணக்கு இல்லாமல்.

மீதி இரவுகளுக்கு மகள். இதில் ஒரு சின்ன நேரக் கணக்கு கைகொடுத்தது. தமிழ்நாட்டில் இரவு பத்து மணி ஆகும்போது டொராண்டோவில் கோடையில் மதியம் 12.30. அங்கே சாப்பாட்டு இடைவேளை. நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். மார்ச் வரை அதே 12.30 இங்கே இரவு 11 மணி ஆகிவிடும், அந்த மாதங்களில் மகள் சற்று முன்னதாகவே கூப்பிட வேண்டியிருக்கும். காலை ஏழரைக்கு ஆட்கள் நடமாட்டத்தின் நடுவில் வந்துகொண்டிருந்த மகளின் அழைப்பு, வாரத்தில் இரண்டு நாளாவது இரவுக்கு இடம்பெயர்ந்தது. மகளுக்கு இது பாரமாகவே இல்லை. அம்மா இரவில் விழித்திருக்கிறாள் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. "அவளைக் கவலைப்படுத்தாதே" என்று தோழி மறைத்து வைத்திருந்தார். ஆசிரியை மகளிடம் தானாகப் போய்ச் சொல்லவில்லை; தோழியைச் சொல்ல வைத்தார். அந்த வித்தியாசம் பெரியது. முதுகுக்குப் பின்னால் பேசப்பட்டோம் என்று தெரிந்தால் மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

பத்து நிமிடம் போதுமா என்ற சந்தேகம் எழும். நட்பை அளவுச் சாப்பாடாக்குவது போலக்கூடத் தோன்றும். இந்தச் சந்தேகத்துக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பதில் இருக்கிறது. 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், வீட்டுக்கே உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் அமைப்பின் பயனாளிகள் 240 பேரை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேரைப் பதினாறு இளைஞர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். 17இலிருந்து 23 வயது வரையுள்ள அந்தப் பிள்ளைகள் மனநல நிபுணர்கள் அல்ல. பரிவோடு கேட்பது எப்படி என்று சிறு பயிற்சி பெற்றவர்கள். முதல் வாரம் ஐந்து நாளும் அழைப்பு. அதன்பின் எத்தனை நாள் வேண்டும் என்று முதியவர்களே தீர்மானிக்கலாம். நேரத்தையும் அவர்களே சொல்லலாம். ஒரு பேச்சு சராசரியாகப் பத்து நிமிடத்துக்குள். நாலு வாரத்தில், அழைப்புப் பெற்றவர்களின் தனிமை, பதற்றம், மனச்சோர்வு மூன்றும் மற்ற பாதியினரைவிடக் குறைந்திருந்தன. முடிவு 2021இல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வெளியானது.

அந்தச் சோதனையில் முன்பின் தெரியாதவர்களின் பத்து நிமிடமே வேலை செய்திருக்கிறது. கவனித்துப் பார்த்தால் வேலை செய்தவை இரண்டு. போன் அவர்களைத் தேடி வந்தது. அவர்கள் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. நள்ளிரவு அழைப்பில் இந்த இரண்டுமே கிடையாது. அழைக்கிறவர் ஒவ்வொரு முறையும் எடுப்பாளா என்ற பயத்தோடு கேட்டு வாங்குகிறார். தேடி வரும் பத்து நிமிடம், கேட்டு வாங்கும் ஒரு மணி நேரத்தைவிடப் பெரிது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

அதனால்தான் ஆசிரியை 9.30க்குக் கூப்பிடுவதாகச் சொன்னால் 9.30க்குக் கூப்பிட்டாக வேண்டும். முடியாத நாளில் முன்னதாகவே "இன்னிக்கு முடியாதுடி, நாளைக்கு" என்று ஒரு வரி அனுப்பிவிட வேண்டும். கட்டுப்பாடு தோழிக்கு மட்டுமல்ல. முதல் வாரத்திலேயே இரண்டு தடவை மறந்துவிட்டால், சனிக்கிழமைப் பேச்சு முழுவதும் சாக்குப்போக்கு என்று தோழி முடிவு கட்டிவிடுவார். அந்த முடிவில் நியாயமும் இருக்கும்.

ஏற்பாடு செய்த உடனே இரவு அழைப்பு நின்றுவிடாது. நிற்பதற்கு முன் சற்றுக் கூடலாம்கூட. பழகிய பலன் திடீரென்று கிடைக்காமல் போனால் யாருமே இன்னொரு தடவை தட்டிப் பார்ப்பார்கள். எட்டாம் நாள் இரவு 11.50க்குப் போன் வருகிறது. என்ன செய்வது? எடுக்கலாம். எடுத்து முதலில் "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்க வேண்டும். "இல்லடி, சும்மா" என்று பதில் வந்தால், "சரி, படு. நாளைக்கு ஒன்பதரைக்கு நானே பேசுறேன்" என்று கனிவாக ஒரு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். திட்டக் கூடாது, காரணம் அடுக்கக் கூடாது, "சரி வந்தது வந்துட்ட, என்ன சொல்லு" என்று உட்காரவும் கூடாது. மூன்றாவது தவறுதான் மிக எளிதாக நடக்கும். இரண்டு, மூன்று வாரம் இப்படிப் போனால் நள்ளிரவு மணி தானாக அருகிவிடும். அருகவில்லை, போகப் போகக் கூடுகிறது என்றால் அது வேறு செய்தி. அதற்குப் பின்னால் வருவோம்.

நிஜமான அவசரத்துக்கு வழி திறந்திருக்க வேண்டும். நெஞ்சு வலி, வழுக்கி விழுந்தது, வாசலில் யாரோ நிற்பது போன்ற பயம் எல்லாம் இரவில்தான் வரும். இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் எளிமையானது: அவசரமென்றால் உடனே இரண்டாவது தடவை அடிக்க வேண்டும். கைபேசியே இதற்கு ஒத்துழைக்கும். ஆண்ட்ராய்டு போனில் Do Not Disturb போட்டுவிட்டு, அதில் Repeat callers என்ற வசதியை அனுமதித்து வைத்தால், ஒரே எண் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் மணி அடிக்கும். ஐபோனில் அதே வசதிக்கு மூன்று நிமிடம்தான் கெடு. வாட்ஸ்அப் அழைப்புக்கு இது எல்லாப் போனிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது; அவசரத்துக்குச் சாதாரண அழைப்பு என்று பேசிவைப்பது நல்லது. ஒருநாள் மாலையில் இருவரும் அடித்துப் பார்த்துச் சோதித்துக்கொள்ளலாம். அந்தச் சோதனையால் இன்னொரு நன்மையும் உண்டு. அவசரத்தில் அவள் எழுந்துவிடுவாள் என்பது தோழிக்கு வார்த்தையாக இல்லாமல் நிகழ்வாகவே தெரிந்துவிடும்.

ஆண்களின் கதை கொஞ்சம் வேறு. நாற்பது, ஐம்பது வயது ஆண் நண்பனிடம் "தனியா இருக்கேன்" என்ற வார்த்தையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். "மச்சான், தூங்கிட்டியா?" என்று பதினொன்றே முக்காலுக்கு வரும் குரலில், பெரும்பாலும் இரண்டு கிளாஸுக்குப் பிறகு, அது ஒளிந்திருக்கும். குடித்திருக்கும் நேரத்தில் எல்லை போட முயல்வது வீண். காலையில் அவனுக்கு ஞாபகம் இருக்காது, அல்லது அவமானம் மட்டும் ஞாபகம் இருக்கும். மறுநாள் டீக்கடையில், பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல் சொல்லலாம். ஆண்களுக்கு அப்படி நின்று பேசுவது எளிது. வாரம் ஒருநாள் காலை நடைக்குச் சேர்ந்து போவது, ஒரு மணி நேரப் போனைவிட அவர்களிடம் நன்றாக எடுபடும்.

எல்லா எல்லைகளையும் உடனே தூக்கிப்போட வேண்டிய நிலையும் உண்டு. "நான் இருந்து யாருக்கு என்ன?", "அவர்கிட்டயே போயிட்டா நிம்மதி" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருவது, நகையையும் பத்திரத்தையும் யாருக்கு என்று பிரித்து வைப்பது, சாப்பாட்டை நிறுத்துவது, திடீரென்று எல்லோரிடமும் விடைபெறுவது போலப் பேசுவது, இவை தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரமல்ல என்று சொல்கின்றன. குறையாமல் கூடிக்கொண்டே போகும் நள்ளிரவு அழைப்பும் விசாரிக்க வேண்டிய அறிகுறிதான். அப்போது சுற்றிவளைக்காமல், "செத்துப்போயிடலாம்னு தோணுதாடி?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்பட்டுவிடாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. ஆம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரையோ உறவினரையோ அந்த இரவே அவர் அருகில் அனுப்ப வேண்டும்.

துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது. மாதங்கள் பல கடந்த பிறகும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், அன்றாட வேலை எதையும் செய்ய முடியாமல் இருந்தால், அதை மருத்துவம் நீடித்த துக்கக் கோளாறு என்று தனியாகவே அடையாளம் காண்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதற்கு ஆறு மாதம் என்று கணக்கு வைக்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாடு ஒரு வருடம் என்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் முதல் பேச்சிலேயே "நீ ஒரு டாக்டரைப் பாரேன்" என்பது கதவைச் சாத்துவதாகத்தான் காதில் விழும். 9.30 மணிப் பேச்சு சில வாரம் ஒழுங்காக நடந்த பிறகு, "நானும் கூட வரேன்" என்று சேர்த்துச் சொன்னால் அதே வாக்கியம் வேறாக ஒலிக்கும்.

இரவில் யாருமே கிடைக்காதபோது பேச ஒரு குரல் அரசாங்கத்திடமும் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். நெருக்கடியில் இருப்பவர் மட்டுமல்ல, தூக்கம் வராமல் மனம் அலைபாய்கிறது என்பவரும் அழைக்கலாம். அங்கே நள்ளிரவில் தெளிந்த குரல் கிடைப்பதற்குக் காரணம் எளியது: பலர் முறை வைத்து வேலை பார்க்கிறார்கள், ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருக்கிறார். தாம்பரத்து ஆசிரியை ஒருவர்தான். அவரால் அந்த வேலையைச் செய்ய முடியாததில் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

இரவு அழைப்புகளால் தவிக்கிற வாசகர் இதைப் படித்துவிட்டு இன்றிரவு போன் வரட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை நீங்களே கூப்பிடுங்கள். எந்த நேரம் உங்களால் முடியாது என்பதைச் சொல்வதற்கு முன், அவருக்கு எந்த நேரம் தாங்க முடியாமல் போகிறது என்று கேளுங்கள். பேச்சை முடிக்கும்போது 14416ஐயும் அவர் போனில் பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.